அஞ்சலில் வந்த வயது

மலையகத்துப் பிள்ளைகள் கொழும்புக்கும், அங்கிருந்து கடல் கடந்து டொரன்டோவுக்கும் லண்டனுக்கும் சென்று ஊதியம் ஈட்டத் தொடங்கிய பின்னர், தோட்டத்து லயங்களுக்கு வந்து சேரும் பொதிகளின் தன்மையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் சேலையும் சவர்க்காரமும் வந்தன. இன்று அவற்றோடு குருதிப் பரிசோதனைக்கான கட்டணச் சீட்டும் வருகிறது. அட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள ஒரு சேகரிப்பு நிலையத்தில் குருதியைக் கொடுத்தால் அது கொழும்புக்கு அனுப்பப்படுகிறது. சில நாட்களில் முப்பது, நாற்பது எண்கள் நிறைந்த அறிக்கை கைத்தொலைபேசிக்கு வருகிறது. அந்த எண்களையெல்லாம் பிள்ளைகள் ஏதோ ஒரு கணிப்பானில் இட்டுப் பார்க்கின்றனர். ‘உங்கள் உயிரியல் வயது இவ்வளவு’ என்று கொட்டை எழுத்தில் விடை வருகிறது. பிறந்த ஆண்டு சொல்லும் வயது வேறு, உடம்பு சொல்லும் வயது வேறு என்பது இதன் வாதம்.

வாதத்தில் உண்மையே இல்லை என்று நாம் கூறவில்லை. ஐம்பது வயதில் எழுபது வயதுக்குரிய தளர்ச்சி கொண்டோரை நாம் தோட்டங்களில் அன்றாடம் காண்கிறோம். அதைக் கண்டுகொள்ள நமக்குக் கணிப்பான் தேவைப்பட்டதில்லை. இந்த எண் எவ்வாறு பிறக்கிறது, அதற்குள் இருக்கும் எண்களில் எதை நாம் கருத்தோடு நோக்க வேண்டும் என்பதே இங்கு நம் வினா.

இத்தகைய கணிப்புகளில் மிகுதியாகப் பயன்படுவது, 2018இல் அமெரிக்க ஆய்வாளர் மோர்கன் லெவினும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ‘பீனோஏஜ்’ என்னும் முறை. அமெரிக்க மக்களிடையே 1988க்கும் 1994க்கும் இடையில் நடத்தப்பட்ட உடல்நல அளவீட்டின் தரவுகளிலிருந்து அது உருவாயிற்று. பிறந்த வயதோடு ஒன்பது குருதி அளவுகள் சேர்க்கப்படுகின்றன: அல்புமின், கிரியாற்றினின், குளுக்கோசு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., நிணக்குழியங்களின் வீதம், செங்குழியத்தின் சராசரிப் பருமனான எம்.சி.வி., செங்குழியங்கள் ஒன்றுக்கொன்று அளவில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைக் கூறும் ஆர்.டி.டபிள்யூ., அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்னும் நொதி, வெண்குழியங்களின் எண்ணிக்கை. சி.ஆர்.பி.க்கு மட்டும் அதன் மடக்கையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரு நிலையான எண்ணால் பெருக்கிக் கூட்டி, அக்கூட்டுத்தொகையை ஆண்டுக் கணக்குக்கு மாற்றுகிறார்கள். சூத்திரம் பார்வைக்கு அச்சமூட்டினாலும், அதை விரித்துப் பார்க்கும் பள்ளி ஆசிரியர் எவரும் அது இறுதியில் ஒரு நேர்கோட்டுக் கணக்கே என்பதைக் காண்பார். எனவே ஒவ்வோர் அளவும் எத்தனை ஆண்டுகளுக்குச் சமம் என்று தனித்தனியே கூறிவிட முடியும்.

இக்கணக்கில் ஆர்.டி.டபிள்யூ. ஒரு வீதம் கூடினால் வயது ஏறக்குறைய 3.7 ஆண்டு கூடும். எம்.சி.வி. பத்து அலகு குறைந்தால் வயது ஏறக்குறைய 3 ஆண்டு குறையும். இவ்விரண்டையும் மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மலையகத்தின் கதை பெரும்பாலும் இவற்றுள் அடங்கிவிடுகிறது.

அட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய் ஒருவரின் அறிக்கையை அவருடைய மகன் நமக்குக் காட்டினார். தாயின் வயது 46. கணிப்பான் கூறிய வயது 51. மகன் கலங்கிப் போயிருந்தார். அறிக்கையின் அடியில் மன அமைதி, நல்ல உறக்கம், விலையுயர்ந்த சில மாத்திரைகள் ஆகியவை பரிந்துரைக்கப்பட்டிருந்தன. நாம் அந்தப் பக்கத்தை ஒதுக்கிவிட்டு, எண்கள் இருந்த பக்கத்தைப் பார்த்தோம். சிறுநீரகம், சர்க்கரை, அழற்சி முதலியவற்றில் குறை சொல்ல ஏதுமில்லை. எம்.சி.வி. 74, வழக்கமாக 80க்கு மேல் இருக்க வேண்டியது. ஆர்.டி.டபிள்யூ. 17.6; வழக்கமாக 13 அளவில் இருக்க வேண்டியது. ஈமோகுளோபின் 10.4.

இவ்விரு அளவுகளும் 90, 13 என்று இருந்திருந்தால் அதே சூத்திரம் அந்தத் தாய்க்கு 39 வயது என்று கூறியிருக்கும். ஆர்.டி.டபிள்யூ. ஏற்றியது 17 ஆண்டு, எம்.சி.வி. குறைத்தது 5 ஆண்டு. எஞ்சி நிற்பது 12 ஆண்டு. இந்தப் பன்னிரண்டு ஆண்டும் முதுமையன்று. அது இரும்புச்சத்துக் குறைவு. செங்குழியம் உருவாகும்போது இரும்பு போதாவிடில் குழியம் சிறுத்துப் பிறக்கிறது. இரும்பு சிறிது கிடைத்த நாட்களில் பிறந்தவையும், கிடைக்காத நாட்களில் பிறந்தவையும் கலந்து ஓடுவதால் அளவு வேறுபாடு பெருகுகிறது. கணிப்பான் இதை அறியாது. அமெரிக்க மக்களிடையே ஆர்.டி.டபிள்யூ. உயர்வு மரண அபாயத்தோடு சேர்ந்து வந்தது என்பதை மட்டும் அது அறியும். பல நோய்களின் நிழலாக அங்கே நின்ற எண், இங்கே ஒரே ஒரு குறைவின் அடையாளமாக நிற்கிறது. அந்தக் குறைவோ மருந்தால் தீரக்கூடியது.

மேலும் ஒரு விந்தை உண்டு. அந்தத் தாய் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குச் சென்றார். ஃபெரிட்டின் பார்த்தார்கள், சேமிப்பு வற்றியிருந்தது. இரும்பு மாத்திரை தொடங்கிற்று. மகனோ பொறுமையற்றவர், ஒரு மாதத்திலேயே மறுபடி அஞ்சல் பரிசோதனைக்குப் பணம் அனுப்பினார். இப்போது கணிப்பான் கூறிய வயது 61! மாத்திரை தாயைப் பத்தாண்டு முதுமையாக்கிவிட்டது என்று அவர் தொலைபேசியில் சினந்து பேசியதாகக் கேள்விப்பட்டோம். நிகழ்ந்தது என்ன? இரும்பு கிடைத்ததும் எலும்பு மச்சை நிறைவான, பெரிய செங்குழியங்களை உண்டாக்கத் தொடங்கிற்று. பழைய சிறு குழியங்கள் ஏறக்குறைய 120 நாள் ஆயுள் கொண்டவை. அவை இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. சிறியதும் பெரியதும் கலந்தன, ஆர்.டி.டபிள்யூ. 20க்கு ஏறியது. எம்.சி.வி. 78க்கு உயர்ந்ததும் வயதைக் கூட்டவே செய்தது. ஆனால் ஈமோகுளோபின் 11.6க்கு ஏறியிருந்தது, மேட்டில் ஏறும்போது வாங்கிய மூச்சு தணிந்திருந்தது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. குணமடையும் உடம்பை மூப்படையும் உடம்பாகக் காட்டிய அந்த எண்ணை நம்பி மாத்திரையை நிறுத்தியிருந்தால் நேர்ந்திருக்கும் தீங்கை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

ஈமோகுளோபின் என்னும் இந்த எளிய எண்ணுக்கு மலையகத்தில் ஒரு வரலாறு உண்டு. எழுபதுகளில் பேராதனையைச் சேர்ந்த பேராசிரியர் பிரயன் செனவிரத்னவும், எட்ஜெர்ட்டன், கார்ட்னர் முதலிய அமெரிக்க ஆய்வாளர்களும் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே இதைச் சோதித்தனர். 1977இல் வெளியான ஆய்வில் 75 பெண்களை ஓடுபட்டையில் நடக்கச் செய்து பார்த்தார்கள். ஈமோகுளோபின் குறையக் குறைய அவர்கள் தாக்குப்பிடித்த நேரமும் குறைந்தது. 1979இல் வெளியான ஆய்வு ஓடுபட்டையை விட்டுத் தேயிலை மலைக்கே சென்றது. சிலருக்கு இரும்பும், சிலருக்கு அதைப் போலவே தோன்றும் வெற்று மாத்திரையும் கொடுத்து, அவர்கள் பறித்த கொழுந்தை நிறுத்துப் பார்த்தனர். ஒரு மாதத்தில், இரும்பால் ஈமோகுளோபின் உயர்ந்தவர்கள் மிகுதியாகப் பறித்தனர். 6க்கும் 9க்கும் இடையில் இருந்தவர்களிடத்தில் முன்னேற்றம் இன்னும் மிகுதி. வேலை நேரத்துக்கு வெளியேயும் அவர்களுடைய நடமாட்டம் கூடியிருந்தது.

உற்பத்திப் பெருக்கத்தால் விளையும் பொருளாதாரப் பயனை அந்த ஆய்வு எடுத்துச் சொல்கிறது. நாம் அதை வேறு விதமாகவும் படிக்கலாம். நிறை கிலோ சேராவிட்டால் ‘அரைப் பேர்’ போடப்படும் மலையில், சோம்பேறி என்று ஏச்சு வாங்கிய பெண்ணின் குற்றம் அவளுடைய செங்குழியத்தில் இருந்தது. தன் பொழுதில் பிள்ளையோடு பேசவும் தண்ணீர் எடுக்கவும் அவளுக்கு வலு வந்தது என்பது கிலோக் கணக்கில் ஏறாத ஆதாயம். ஓர் எண்ணைத் திருத்தினால் மனிதரின் வாழ்வு கண்கூடாக மாறுகிறது என்று, இதே மலைகளில், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு நிறுவப்பட்டிருக்கிறது. உயிரியல் வயது என்னும் எண்ணுக்கு அத்தகைய சான்று ஏதும் இங்கே இல்லை.

ஆனால் ஈமோகுளோபினையும் அறிக்கையில் அச்சிட்டபடியே படித்துவிடலாகாது. கொழும்பு அறிக்கையில் பெண்களுக்கான கீழெல்லை 12.0 என்றே பொதுவாக இருக்கும். அது கடல்மட்டத்துக்கான எல்லை. உயரமான இடங்களில் காற்று மெலிந்திருப்பதால் உடம்பு மிகுதியான ஈமோகுளோபினை உண்டாக்கிக்கொள்கிறது. எனவே போதுமான அளவு என்பதும் அங்கே உயர்ந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி 1000 மீற்றருக்கும் 1500க்கும் இடையில் வாழ்வோரின் அளவிலிருந்து 0.8ஐயும், 1500க்கும் 2000க்கும் இடையில் வாழ்வோரின் அளவிலிருந்து 1.1ஐயும் கழித்த பின்னரே எல்லையோடு ஒப்பிட வேண்டும். அட்டன் ஏறத்தாழ 1270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1868 மீற்றரில். அதாவது அட்டனில் வாழும் பெண்ணுக்குக் கீழெல்லை 12.8, நுவரெலியாவில் 13.1. கருவுற்ற பெண்களுக்கு எல்லைகள் வேறு. இந்தக் கழித்தல் மட்டும் அவர்களுக்கும் உண்டு.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. நம்முடைய ஆசிரியர் அறையிலேயே ஒரு சகோதரி தம் அறிக்கையை மகிழ்ச்சியோடு காட்டினார். கணிப்பான் அவரை நான்கு ஆண்டு இளையவர் ஆக்கியிருந்தது, ஈமோகுளோபின் 12.4, எதிரே ‘இயல்பு’ என்று பச்சை நிறம். அட்டனில் பிறந்து அட்டனிலேயே வாழ்பவர் அவர். 0.8ஐக் கழித்தால் 11.6, அது சோகை. மாலை நான்கு மணிக்குமேல் கரும்பலகை முன் நிற்க முடியவில்லை என்று ஓராண்டாகச் சொல்லிவந்தவரும் அவரே. குடும்பச் சுமை என்று நாமெல்லாம் ஆறுதல் கூறி வந்தோம். ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னோம். 9 என்று வந்தது. 15க்குக் கீழே இருந்தால் உடம்பின் இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள்.

ஃபெரிட்டினைப் படிக்கவும் ஓர் எச்சரிக்கை வேண்டும். காய்ச்சலோ வேறு அழற்சியோ இருக்கும்போது அது பொய்யாக உயரும். அப்போது 40, 50 என்று வந்தாலும் சேமிப்பு வற்றியிருக்கலாம். அழற்சி இருப்பவர்களுக்கு 70க்குக் கீழ் என்பதையே குறைவாகக் கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அழற்சி இருக்கிறதா என்பதை அறியத்தான் சி.ஆர்.பி. வேண்டும். அதாவது வயதைக் கணிக்க வாங்கிய ஓர் எண், ஃபெரிட்டினைப் படிக்கும் துணையாக நின்றால்தான் நமக்கு உண்மையான பயன் தருகிறது.

சி.ஆர்.பி.யைப் பற்றி இன்னும் ஒரு சொல். மழைக்காலத்துத் தடிமன், பல்வீக்கம், சேற்றுப் புண் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருக்கும் வாரத்தில் குருதி கொடுத்தால் சி.ஆர்.பி. 1இலிருந்து 50க்கு ஏறக்கூடும். வெண்குழியங்கள் 6000இலிருந்து 11000க்கு ஏறலாம். நிணக்குழிய வீதம் 35இலிருந்து 20க்கு இறங்கலாம். சூத்திரத்தில் இம்மூன்றும் சேர்ந்து ஒன்பது ஆண்டுகளைக் கூட்டிவிடும். காய்ச்சல் தீர்ந்து சில வாரங்களில் அந்த ஒன்பது ஆண்டும் மறைந்துவிடும். அலகிலும் தவறு நேர்கிறது. சூத்திரம் கேட்பது டெசிலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது; நம் ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் தருவது லீற்றருக்கு எத்தனை என்பது. மாற்றாமல் இட்டால் பத்து மடங்கு பிழை. அது மட்டுமே 2.4 ஆண்டு.

டி.என்.ஏ.யிலிருந்து வயது காண்பது இதைவிட உயர்ந்தது என்று சிலர் நினைக்கலாம். ஸ்டீவ் ஹோர்வாத் 2013இல் அமைத்த முதல் கடிகாரம் டி.என்.ஏ.யின் 353 இடங்களைப் பார்க்கிறது. ஆய்வுக் கருவி என்ற முறையில் அது அரிய சாதனை. ஆயினும் 2022இல் வெளியான ஓர் ஆய்வு, அத்தகைய புகழ்பெற்ற கடிகாரங்களில் ஒரே குருதி மாதிரியை இருமுறை அளந்தபோது ஒன்பது ஆண்டுவரைகூட வேறுபாடு வந்ததைக் காட்டிற்று. ஒரு மாத மாத்திரையால் மூன்று ஆண்டு இளமை பெற்றேன் என்பவரிடம், அதே குருதியை அதே நாளில் மறுபடி அளந்தீர்களா என்று கேட்பதே முறை.

எம்.சி.வி. குறைந்தால் வயது குறையும் என்றோமல்லவா? தலசீமியா மரபைச் சுமக்கும் ஒருவருக்கு, நோய் ஏதுமின்றியே, எம்.சி.வி. 68 அளவில் இருக்கும், ஆர்.டி.டபிள்யூ. பெரும்பாலும் உயராது. சூத்திரம் அவரை ஆறு ஆண்டு இளையவர் என்று பாராட்டும். அவர் அறிய வேண்டியதோ, தம் இணையரும் அதே மரபைச் சுமப்பவராயின் பிறக்கும் குழந்தைக்குக் கொடிய நோய் வரக்கூடும் என்பதை. சிறிய செங்குழியமும் நிறைந்த ஃபெரிட்டினும் சேர்ந்து வந்தால் அந்தப் பரிசோதனையை மருத்துவரிடம் கேட்டுப் பெற வேண்டும். இரும்பை விழுங்கிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

சர்க்கரை எண் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் அதற்கும் பயணம் ஆகாது. சாதாரணக் குழாயில் எடுத்துப் பிரிக்காமல் வைத்த குருதியில், குழியங்களே குளுக்கோசை உண்டு, அறை வெப்பத்தில் மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 7 வீதம் குறைத்துவிடுகின்றன. காலையில் அட்டனில் எடுத்து மாலையில் கொழும்பில் அளந்தால், நீரிழிவின் எல்லையில் நிற்பவருக்கும் நல்ல எண் வரும். கணிப்பானும் சேர்ந்து இளமையைப் பரிசளிக்கும். சாம்பல் நிற மூடியுள்ள புளோரைட்டுக் குழாயில் எடுத்தார்களா, எத்தனை மணிக்குள் அளந்தார்கள் என்று கேட்கலாம். உள்ளூர் வைத்தியசாலையில் வெறும் வயிற்றில் எடுத்து அங்கேயே அளப்பது இன்னும் மேல். மூன்று மாதச் சராசரியைக் கூறும் எச்.பி.ஏ.1.சி. பயணத்தைத் தாங்கும், ஆனால் இரும்புக் குறைவு உள்ளவரிடம் அது உள்ளதைவிட உயர்ந்து காணும். அந்தத் தாயின் அறிக்கையில் 6.1 என்று இருந்ததைக் கண்டு மகன் சோற்றை நிறுத்தச் சொல்லியிருந்தார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 90. சோற்றை நிறுத்த வேண்டிய காரணம் ஏதுமில்லை. சோற்றோடு சேர்த்துக் குடித்த தேநீரை நிறுத்தத்தான் காரணம் இருந்தது. தேயிலையின் தனின் உணவிலுள்ள இரும்பைக் குடலில் ஏறவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் தீமை பெரிதும் குறையும். நாட்டுக்கே தேயிலை பறித்துக் கொடுப்பவருக்கு இதைச் சொல்ல நேர்ந்தது நமக்குச் சற்று வேதனைதான்.

எந்தப் பொதியிலும் அடைத்து அனுப்ப முடியாத ஓர் எண்ணும் உண்டு. அதுவே குருதி அமுக்கம். பக்கவாதத்தால் ஒரு பக்கம் வீழ்ந்த முதியவர்களின் வீடுகளில் விசாரித்தால், அதை ஒருமுறைகூட அளக்காதவர்கள் பலர். அளப்பதிலும் ஒரு முறை உண்டு. கீழ் லயத்திலிருந்து படியேறி வந்ததும் பட்டையைக் கட்டினால் யாருக்கும் உயர்ந்தே இருக்கும். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்த பின்னர், கையை நெஞ்சின் மட்டத்தில் தாங்கி இருமுறை அளக்க வேண்டும். வெவ்வேறு நாட்களில் 140க்கு 90 என்பதற்கு மேல் வந்தால் மருத்துவரைக் காண வேண்டும். ஓர் அஞ்சல் பரிசோதனைக்குச் செலவாகும் பணத்தில் லயம் முழுமைக்கும் போதுமான ஓர் அமுக்கமானி வாங்கலாம். அந்தத் தாயின் மகனிடம் அதைத்தான் கேட்டிருக்கிறோம்.

மாத்திரையைப் பற்றி அவரிடம் சொன்னது இது: ஈமோகுளோபின் நிறைந்ததும் நிறுத்திவிடாமல், வற்றிய சேமிப்பும் நிரம்ப மேலும் மூன்று மாதம் தொடர வேண்டும், மாத்திரையைத் தேநீரோடு விழுங்காமல் தேசிக்காய்ச் சாற்றோடு விழுங்க வேண்டும். ஒரு மாதத்தில் ஈமோகுளோபின் ஒரு கிராமேனும் ஏறாவிட்டால் மாத்திரை ஏன் பயன்தரவில்லை என்று ஆராய வேண்டும். கொக்கிப்புழு, மிகையான மாதவிலக்கு, குடலில் மறைந்த கசிவு ஆகியவை வழக்கமான காரணங்கள். மாதவிலக்கு நின்ற பெண்ணிடமும் ஆணிடமும் இரும்பு குறைந்திருந்தால் குடலைப் பார்ப்பது முதல் வேலை, மாத்திரை அடுத்தது. அந்தத் தாய்க்கு ஒரு மாதத்தில் 1.2 ஏறியிருக்கிறது, எட்ட வேண்டியது 12.8.